பக்கச்சார்புள்ள சான்றை ஆய்வில் எடுக்கலாமா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பற்றி

நெய்தல்மகள்:
புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் 1748இல் இடிக்கப்பட்டதைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் என் முதன்மைச் சான்று. அவர் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். கவர்னரின் மனைவி மீது கடும் வெறுப்புள்ளவர். "பக்கச்சார்புள்ளவரை வைத்து எதை நிறுவப் போகிறாய்?" என்று நெறியாளர் கேட்கிறார். நாட்குறிப்பை எடுக்கலாமா, கூடாதா?

கல்வெட்டுக்காரன்:
கூடாது. அவருக்கு முன் தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலி கிறித்தவர். அவர் 1746இல் இறந்த பிறகு அந்தப் பதவிக்குப் போட்டியிட்டவர் பிள்ளை. அப்படிப்பட்டவர் பாதிரியார்களைப் பற்றி எழுதுவதை எப்படி நம்புவது? தேதிகளும் இடிக்கின்றன. சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது 1746 செப்டம்பர் 10 என்கிறது ஆங்கிலேயரின் ஆவணம். பிள்ளையின் கணக்கோ பதினோரு நாள் பிந்துகிறது.

கடற்கரைத்தெரு:
தேதியில் பிழையில்லை ஐயா. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் புதியதைப் பின்பற்றினார்கள். அவர்களுக்குச் செப்டம்பர் 10 என்றால் இவர்களுக்கு 21. பதினோரு நாள் வேறுபாடு சரியாகப் பொருந்துவதே பிள்ளை கவனமாகத் தேதி போட்டவர் என்பதற்குச் சாட்சி. ஆனால் பக்கச்சார்பு பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

சகோதரி, "நம்பலாமா" என்று கேட்பதற்கு முன் "எந்தக் கேள்விக்கு" என்று கேளுங்கள். கோயிலை இடிக்க யார் உத்தரவிட்டார்கள் என்பது ஒரு கேள்வி. ஊர்ப் பெரியவர்கள் யாரைக் குற்றம் சொன்னார்கள் என்பது வேறு கேள்வி. பிள்ளை பழியை கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ் மீதும் சம்பா கோயில் என்ற தேவாலயத்தின் பாதிரியார்கள் மீதும் போடுகிறார். முதல் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு தேறாது, ஏனென்றால் கவர்னர் அவருடைய எஜமானர். இரண்டாவதற்கு அந்தப் பழிதான் விடை. அவர் வெறுப்பை மறைத்து எழுதியிருந்தால் நமக்கு அது கிடைத்திருக்காது.

இன்னும் ஒன்று. ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த 1748 செப்டம்பரில் இடிப்பு நடந்த அன்று அவர் எழுதிய பகுதியைப் படியுங்கள். முந்தின நாளே சம்பா கோயிலில் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். காலையில் இன்ஜினீயர் ழெர்போவும் பாதிரியார்களும் இருநூறு ஆட்களோடு, மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து தெற்கு மதிலை இடிக்கத் தொடங்குகிறார்கள். கவர்னரின் மனைவி சொன்னாள், பாதிரியார் கேட்டார் என்பதற்காக அரசு இன்ஜினீயரும் படையும் நகருமா? கவர்னரின் ஒப்புதல் இல்லாமல் இது நடக்காது. மதாமைக் குற்றவாளியாக்கும் கதைக்குள் அந்தக் கதைக்கே உதவாத ஒரு விவரத்தை அவரே விட்டுவைத்திருக்கிறார். அவரது கருத்தைத் தள்ளுங்கள், இன்ஜினீயரைத் தள்ளாதீர்கள்.

வடக்குவயல்:
எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாகப்பிரிவினைத் தகராறில் பெரியப்பா கொடுத்த மனு முழுவதும் என் தாத்தாவைத் திட்டியது. அதை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். பத்திரம் தொலைந்த பிறகு அந்த மனுவில்தான் "கிணற்றுக்கு வடக்கே புளியமரம் வரை" என்ற எல்லை கிடைத்தது. திட்டுகிறவர் எல்லையைத் தப்பாக எழுத வேண்டிய தேவை இல்லை. ஆகவே நாட்குறிப்பு முழுவதையும் நம்பலாம் என்பதே என் எண்ணம்.

கடற்கரைத்தெரு:
முழுவதையும் அல்ல. அந்த எல்லைதான் தகராறாக இருந்திருந்தால், அதே வரியை அப்படியே ஏற்றிருப்பீர்களா?

கல்வெட்டுக்காரன்:
நாட்காட்டி விஷயத்தில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்ஜினீயர் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம், பிள்ளை அங்கே நின்று பார்த்தாரா? கோயில் நிர்வாகிகளும் பிராமணர்களும் ஓடி வந்து சொன்னதைத்தானே அவர் எழுதுகிறார்? லிங்கத்தை மிதித்தார்கள் என்பதும் அவர்கள் வாய்மொழிதான். பக்கச்சார்பை நீங்கள் பிரித்துவிட்டீர்கள். கேள்விப்பட்டதை எப்படிப் பிரிப்பீர்கள்?

கடற்கரைத்தெரு:
நியாயமான கேள்வி. அந்தப் பகுதியை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, அவரே கண்டது, ஒருவர் வந்து சொன்னது, அவரது ஊகம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். மிதித்தது மூன்றாமவர் சொல். ஆட்கள் திரண்டதும் மதில் விழுந்ததும் ஊரே பார்த்தவை, அவற்றில் புளுகுவது கடினம். மிதித்ததை "அவ்வாறு பேசப்பட்டது" என்ற அளவில்தான் எழுத முடியும். ஆனால் அந்தப் பேச்சு ஊரில் உலவியது என்பதும் உண்மைதான்.

நெய்தல்மகள்:
அப்படியானால் என் கேள்வியையே மாற்ற வேண்டும் போலிருக்கிறது. "யார் இடித்தார்கள்" என்பதற்குப் பதில் "பிள்ளையின் வட்டத்தில் பழி எப்படிப் பங்கிடப்பட்டது" என்று எழுதலாமா? ஒன்றுதான் உறுத்துகிறது. துணி நெய்தவர்களும் துறைமுகக் கூலிகளும் என்ன நினைத்தார்கள் என்பது இதில் வராதே.

கல்வெட்டுக்காரன்:
வராது. அதனால்தான் ஆய்வேட்டில் "ஊர் மக்கள்" என்ற சொல்லை நீங்கள் எழுதக் கூடாது என்கிறேன்.

கடற்கரைத்தெரு:
அந்த இடத்தில் நானும் உங்கள் பக்கம். வசதியான வணிகர்களின் குரல் அது. ஆனால் இடிக்க வந்த இருநூறு பேரில் கூலிகளும் இருந்தார்களே? அவர்கள் அந்தக் காலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு எங்காவது ஒரு வரி கிடைக்குமா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.