இரு பக்கமும் வாங்கி, பங்கு அசைந்தும் நட்டப்பட்ட அனுபவம் உண்டா?

வெள்ளவத்தை வாசி:
ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் கணக்கில், 100 டொலரில் நின்ற ஒரு தொழில்நுட்பப் பங்கின் காலாண்டு அறிக்கைக்காக ஸ்ட்ராடில் எடுத்தோம், அதாவது ஏறினால் இலாபம் தரும் கால் ஒப்ஷனையும் இறங்கினால் இலாபம் தரும் புட் ஒப்ஷனையும் அதே 100 டொலர் விலைக்குச் சேர்த்து வாங்கினோம். கால் 4 டொலர், புட் 4 டொலர். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகள் என்பதால் மொத்தம் 800 டொலர். கொழும்பு நேரம் அதிகாலை ஒன்றரைக்குச் சந்தை மூடி அறிக்கை வந்ததும் பங்கு 105ஐத் தொட்டது. தொலைபேசியில் நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். ஆனால் ஒப்ஷன் சந்தை மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். பங்கு 105இலேயே திறந்தும், காலுக்கு 5.20, புட்டுக்கு 0.15 என்றே விலை கேட்டார்கள். பங்கு ஏறியும் 265 டொலர் போனது.

தெஹிவளை:
ஸ்ட்ராங்கிள் எடுத்திருக்க வேண்டும். 105 காலும் 95 புட்டும் சேர்ந்து பாதி விலைதான், நட்டமும் பாதியாகியிருக்கும்.

பழைய தரகர்:
தம்பி தெஹிவளை, முதலீடு பாதி என்பது சரி, நட்டம் பாதி என்பது தவறு. அதே பங்கில் அந்த ஸ்ட்ராங்கிள் ஏறக்குறைய 400 டொலர் வரும். பங்கு 105இல் நிற்கும்போது கால் ஏறத்தாழ 1.45க்குப் போகும், புட் ஒன்றுமில்லாமல் போகும்; அங்கும் 255 டொலர் நட்டந்தான். வெள்ளவத்தைத் தம்பி போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பகுதியை இழந்தார், நீங்கள் மூன்றில் இரண்டு பகுதிக்குக் கிட்ட இழந்திருப்பீர்கள். ஸ்ட்ராடிலுக்குக் கொடுத்த அந்த 8 டொலரே, 'இந்தப் பங்கு 8 வீதம் வரை அசையலாம்' என்று சந்தை முன்கூட்டிச் சொன்ன கணக்கு. அறிக்கை வெளியானதும் ஐயம் தீர்ந்துவிடுவதால், சந்தை எதிர்பார்க்கும் அசைவின் அளவான ஐ.வி. 90 அளவில் இருந்து 40க்கு இறங்கி, ஒப்ஷனின் விலையான பிரீமியத்தின் காற்றைப் பிடுங்கிவிடும். காலாவதி வரை வைத்திருந்தாலும் 92க்குக் கீழோ 108க்கு மேலோ போனால்தான் இலாபம். வாங்குமுன் அதே பங்கு முந்தைய எட்டு அறிக்கைகளின் மறுநாள் எவ்வளவு அசைந்தது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை 8 வீதத்தைத் தாண்டவில்லையென்றால், விலை கொடுத்து வாங்கக் காரணம் இல்லை. என் கதையும் இதுவே, இரு தடவை.

கொட்டாஞ்சேனை அக்கா:
நானும் தேர்தலுக்கு முன் வங்கிப் பங்குகளில் பாதியை விற்றுவிட்டு, பாதியை வைத்திருந்தேன். இதுவும் இரு பக்கமும் நிற்பதுதானே?

தெஹிவளை:
இல்லை அக்கா, அது சுமையைக் குறைத்தது மட்டுமே. பங்கு விழுந்தால் அதில் இலாபம் வராது. ஐயா, அறிக்கைக்குப் பத்து நாள் முன்பே வாங்கி, ஐ.வி. ஏறியதும் அறிக்கைக்கு முதல் நாளே விற்றால் என்ன?

பழைய தரகர்:
ஐ.வி. தருவதை, நாள் போகப் போகப் பிரீமியம் கரையும் நாட்கழிவு தின்றுவிடுகிறது. என் கணக்கில் இரண்டும் பெரும்பாலும் நேராகிவிட்டன. பங்கு இடையில் தானாக அசைந்தால் மட்டும் ஏதோ மிஞ்சியது.

வெள்ளவத்தை வாசி:
மச்சான் இரண்டு வாரம் முன்பே எடுத்து ஒரு தடவை 90 டொலர் மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த வாரம் பங்கு எவ்வளவு அசைந்தது என்று நான் கேட்கவில்லை.