ஒரே ஐபிக்கு வெள்ளம், மொத்த லைனும் படுக்கிறது. பிளாக்ஹோல் போட்டால் 60 வீடு போகுமே?

தோட்டத்து நெட்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்பட்டணத்தில் சின்னதாக வயர்லெஸ் இணையம் கொடுக்கிறோம். மேலே போகிற லைன் 1 ஜிபிபிஎஸ், ஒரு /24 சொந்தமாக இருக்கிறது. ராத்திரி 9 மணி வாக்கில் லைன் 940 எம்பிபிஎஸ்ஸில் முட்டிக்கொண்டு நிற்கும், எல்லா வீட்டிலும் நெட் படுத்துவிடும். பார்த்தால் எல்லாமே யூடிபி, சோர்ஸ் போர்ட் 123, போய் விழுவது 203.0.113.45 என்ற ஒரே முகவரிக்கு (உண்மை ஐபியை மாற்றிப் போட்டிருக்கிறேன்). அது நேட் முகவரி, அதற்குப் பின்னால் ஏறக்குறைய 60 வீடுகள். லைன் கொடுப்பவர் "பிளாக்ஹோல் அனுப்புங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டார். அனுப்பினால் அந்த 60 வீட்டுக்கும் நெட் போய்விடாதா?

கம்பி இல்லா குமாரு:
ரவுட்டரில் ஃபயர்வால் ரா டேபிளில் போர்ட் 123ஐ டிராப் பண்ணுங்க பாஸ். எனக்கு அப்படித்தான் நின்றது.

ஈப்போ அண்ணன்:
குமாரு சொல்வது பாதி சரி. ரவுட்டர் சிபியு திணறினால் அது உதவும். இங்கே நிரம்புவது லைன். உங்கள் ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கி எறியும்போது அது ஏற்கெனவே லைனைக் கடந்து வந்தாயிற்று, வாசலில் லாரி அடைத்து நிற்கும்போது வீட்டுக்குள் கதவைச் சாத்தி என்ன பயன்? மேலே இருப்பவர்தான் எறிய வேண்டும்.

தம்பி, பிளாக்ஹோல் என்றால் அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் அவர் மேலேயே எறிந்துவிடுவார். உங்கள் பயம் சரிதான், .45 முழுசாகச் செத்துப்போகும். வெள்ளம் மட்டுமல்ல, நல்ல பாக்கெட்டும் போகும். அந்த ஒரு முகவரியைப் பொறுத்தவரை தாக்குகிறவன் நினைத்ததை நாமே முடித்துக் கொடுக்கிறோம், மற்ற வீடுகள் பிழைக்கின்றன, அவ்வளவுதான். அதனால் முதலில் அந்த 60 வீட்டையும் வேறு முகவரிகளுக்கு மாற்றுங்கள், அப்புறம் .45ஐ அனுப்புங்கள். மாற்றியதும் பழைய கனெக்ஷன்களை டேபிளிலிருந்து அழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அவை .45லேயே தொங்கும்.

எஃப்ஆர்ஆர் என்றால் இப்படி:

```
ip route 203.0.113.45/32 Null0
route-map BH permit 10
 set community 65535:666
router bgp 64500
 address-family ipv4 unicast
  network 203.0.113.45/32 route-map BH
```

65535:666 என்பது 2016இல் RFC 7999 பொதுவாக ஒதுக்கிய எண். ஆனாலும் லைன் கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் தங்கள் சொந்த எண்ணைத்தான் ஏற்பார்கள்.

மழைக்கால ரசிகை:
எங்கள் வீட்டிலும் ராத்திரி 9 மணிக்கு ஸ்லோ, செம்பனை உயர்ந்து சிக்னலை மறைக்கிறது என்று டெக்னீஷியன் சொன்னார். அதுவாக இருக்குமோ?

ஈப்போ அண்ணன்:
இல்லம்மா, அவர் லைன் நிரம்பியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். உங்களுடையது தனிக் கதை.

தோட்டத்து நெட்:
அண்ணே, நீங்கள் சொன்னபடி போட்டேன், கிராஃப் அசையவே இல்லை.

ஈப்போ அண்ணன்:
உங்கள் அவுட் ஃபில்ட்டர் /24ஐ மட்டும் விடுகிறதா பாருங்கள். `show bgp ipv4 unicast neighbors 198.51.100.1 advertised-routes` போட்டால் (அந்த இடத்தில் அவர்களுடைய ஐபி) /32 தெரிய வேண்டும். தெரிந்தும் வெள்ளம் நிற்கவில்லை என்றால் அவர்கள் பக்கம் மறுக்கிறார்கள், போன் போடுங்கள்.

தோட்டத்து நெட்:
ஃபில்ட்டர்தான். /32ஐ விட்டதும் 940லிருந்து சட்டென்று 210க்கு இறங்கியது. .45லிருந்து போர்ட் ஃபார்வர்ட் பண்ணியிருந்த மளிகைக்கடை சிசிடிவி போய்விட்டது, முதலாளி திட்டுகிறார். அதை விடுங்கள், அரை மணி நேரத்தில் .52க்கு வெள்ளம் வருகிறது! 60 வீட்டையும் அங்கேதான் மாற்றியிருந்தேன்.

ஈப்போ அண்ணன்:
அப்படியானால் குறி உங்கள் முகவரி இல்லை, அந்த 60 வீட்டில் ஒருவர். கேம் சர்வரிலோ வாய்ஸ் சாட்டிலோ அவருடைய புது ஐபி வெளியே தெரிந்திருக்கும். இப்போது 60ஐ நான்காகப் பிரியுங்கள், 15க்கு ஒரு முகவரி. எதற்கு வருகிறதோ அதை மட்டும் பிளாக்ஹோல் போட்டு அந்த 15ஐ மறுபடி பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கப்படும் வீடு குறையும். கடைசியில் அவருக்குத் தனி முகவரி கொடுத்துவிட்டால், பிளாக்ஹோல் போடும்போது அவர் ஒருவர்தான் போவார்.

கம்பி இல்லா குமாரு:
அனுப்புகிறவன் ஐபியை பிளாக்ஹோல் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லையே?

ஈப்போ அண்ணன்:
போர்ட் 123லிருந்து வருவது ஊருலகத்தில் கிடக்கும் நேர சர்வர்கள் திருப்பி அனுப்பும் பதில். நம் ஐபியைத் திருடிப்போட்டு எவனோ கேட்கிறான். எத்தனை ஆயிரத்தை அடைப்பீர்கள்? சோர்ஸைப் பார்த்து எறிகிற வசதி RFC 5635இல் உண்டு, ஆனால் லைன் கொடுப்பவர் அதைத் திறந்துவிட வேண்டும். போர்ட்டைப் பார்த்து எறியும் ஃப்ளோஸ்பெக் இன்னும் நல்லது, கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்து நெட்:
கேட்டேன், ஃப்ளோஸ்பெக் தருவதில்லையாம். பிரித்துப் பார்த்ததில் பழைய லயத்துப் பக்கம் 4 வீட்டுக்குள் வந்து நிற்கிறது. ஒன்று மட்டும் கேட்கணும், தாக்குதல் ஓய்ந்ததா என்று எப்படித் தெரியும்? மேலேயே எறிவதால் என் கிராஃபில் எதுவும் வருவதில்லை.

ஈப்போ அண்ணன்:
அது இதிலுள்ள வில்லங்கம். அவர்கள் பக்கம் கவுண்ட்டர் காட்டினால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆள் நடமாட்டம் குறைந்த விடியற்காலையில் /32ஐ எடுத்துப் பாருங்கள், லைன் முட்டினால் உடனே திரும்பப் போடுங்கள்.

தோட்டத்து நெட்:
சரி அண்ணே. அந்த 4 வீட்டில் எது என்று உறுதியானதும், நான் சந்தேகப்படும் பையனிடம் எப்படிப் பேசுவது என்றுதான் புரியவில்லை, அவன் அம்மா எங்கள் பழைய வாடிக்கையாளர்.

கம்பி இல்லா குமாரு:
லைனை வெட்டுங்க பாஸ்.

மழைக்கால ரசிகை:
பையன் என்ன தப்பு செய்தான்? அடி வாங்குவதே அவன்தானே.