நகைக்கடைப் பலகைக்கும் விலைச்சீட்டுக்கும் எழுத்துரு: மெல்லிய கோடு மறையாமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு நகைக்கடைக்குப் பலகையும் விலைச்சீட்டும் வடிவமைக்கிறேன். உரிமையாளருக்குப் பொடோனி பாணி எழுத்துதான் வேண்டுமாம். தடித்த கோடும் முடி போன்ற கோடும் சேர்ந்து வரும் அந்த நளினம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சீட்டில்தான் சிக்கல்.

சீட்டில் எழுத்து 6 பாயின்ட். 203 டிபிஐ லேபிள் பிரிண்டரில் ஒரு புள்ளியே 0.125 மி.மீ. அந்த அளவில் மெல்லிய கோடு அதில் பாதிகூட வராது. விளைவு, ஒரு கோடு புள்ளியாகத் தடிக்கிறது, பக்கத்துக் கோடு காணாமலே போகிறது. 4 என்ற எண்ணில் சாய்கோடும் குறுக்குக்கோடும் விட்டுப்போய், நடுத்தண்டு மட்டும் நின்று 1 மாதிரி தெரிகிறது. விலைச்சீட்டில் இது நடக்கவே கூடாது!

மொத்தத்தையும் போல்ட் ஆக்கிப் பார்த்தேன். தடித்த கோடுதான் இன்னும் தடித்தது, மெல்லியது கிட்டத்தட்ட அப்படியே. இப்போது Bodoni Moda யோசனையில் இருக்கிறது. அதில் எழுத்தின் அளவுக்கேற்ற வடிவம் 6 முதல் 96 வரை உண்டு, சிறிய அளவில் மெல்லிய கோடு தானே தடிக்கும். ஆனால் அந்தக் கோடு ஒரு முழுப் புள்ளியை எட்டுமா? 300 டிபிஐ பிரிண்டருக்கு மாறினால் போதுமா, அல்லது எண்களுக்கு மட்டும் சீரான தடிப்புள்ள வேறு எழுத்துரு வைப்பீர்களா?

அப்புறம் பலகை. உள்ளே விளக்கு வைத்த எழுத்தென்றால் மெல்லிய பகுதியில் எல்இடி நுழையாது, அங்கே மட்டும் இருட்டாக நிற்கும். எழுத்துக்குப் பின்னால் சுவரில் ஒளி படரும்படி செய்தவர்கள், இரவில் தூரத்திலிருந்து மெல்லிய கோடு தெரிகிறதா என்று சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.