எஸ்.டி. சான்று மெய்த்தன்மை விசாரணை: 28ஆம் தேதி சென்னை வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆவணங்களை எப்படி அடுக்குவது?

தேன்கனி

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், குருமன்ஸ். 1987இல் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றை வைத்து வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அலுவலகம் என் சான்றை மெய்த்தன்மை பார்க்க அனுப்பி, அது மாநில கூர்நோக்குக் குழு வரை போயிருக்கிறது. இந்த மாதம் 6ஆம் தேதி நோட்டீஸ் கைக்கு வந்தது. கூடவே விஜிலென்ஸ் அறிக்கை, 11 பக்கம். அதில் எனக்கு எதிராக மூன்று விஷயம்:

1. பெரியப்பாவின் 1962 பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் "குரும்பர்" என்று இருக்கிறது. அது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்.
2. தாத்தாவின் 1938 கிரயப் பத்திரத்தில் "குருமன் ஜாதி" என்று இருந்தாலும் அது சேலம் ஜில்லா. நான் கிருஷ்ணகிரி. அவர் என் தாத்தாதான் என்பதற்கு ஆதாரம் இல்லையாம்.
3. மானுடவியலாளர் கேட்ட சடங்கு, குலதெய்வக் கேள்விகளுக்கு என் பதில் "பொருந்தவில்லை".

ஒன்பது பக்கத்துக்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். முப்பது வருட நேர்மையான பணி, அப்பா பட்ட கஷ்டம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. 28ஆம் தேதி நேரில் போகும்போது கொடுத்துவிடலாமா? காகிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன, எது முன், எது பின் என்று தெரியவில்லை.

மணி_கணினி

இ-சேவை மையத்தில் ஆதார், டி.சி., போட்டோ கொடுத்தால் சாதிச் சான்று வந்துவிடும். பழைய அட்டைச் சான்றை மாற்றி டிஜிட்டல் சான்று வாங்கிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

தேன்கனி

தம்பி, இது புதுச் சான்று வாங்குவதில்லை. இருக்கும் சான்று உண்மையா என்று விசாரிக்கிறார்கள்.

நடுத்தெரு

எஸ்.டி. சான்று ஆர்.டி.ஓ.தான் தரவேண்டும். தாசில்தார் கொடுத்தது செல்லாது. குழு அதை வைத்தே ரத்து செய்துவிடும். முதலில் ஆர்.டி.ஓ.விடம் புதிதாக விண்ணப்பியுங்கள்.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

நடுத்தெரு சொல்வது பாதி சரி. எஸ்.டி. சான்று வழங்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குப் போனது 11.11.1989 அரசாணையில். அதற்கு முன்னால் தாசில்தார் கொடுத்தது அன்றைய தேதியில் அதிகாரம் உள்ளவர் கொடுத்தது. உங்களுடையது 1987, அதனால் அந்தக் காரணத்துக்காகச் செல்லாது என்று சொல்ல முடியாது. நடுவில் புதுச் சான்றுக்கு விண்ணப்பித்தால், பழையதில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அதைவிட அவசரம் வேறு. நோட்டீஸில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று நேர் விசாரணை, அது 28. இன்னொன்று எழுத்துப்பூர்வ விளக்கம் தரவேண்டிய கெடு. கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

தேன்கனி

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். "கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள்" என்று இருக்கிறது. அப்படியானால் 21ஆம் தேதி!

சிரஸ்தார்_ரிட்டயர்டு

அதேதான். நிறையப் பேர் நேரில் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். கோப்பில் "விளக்கம் பெறப்படவில்லை" என்று ஏறிவிடும். 1994 மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையே இரண்டு வாரம், கேட்டுக்கொண்டாலும் 30 நாளைத் தாண்டக்கூடாது என்பதுதான். 2007 அரசாணை 108இல் இங்கே அமைந்த குழுக்களும் அந்தத் தீர்ப்பின் வழியில் வந்தவைதான். நகல் வாங்கத் தாமதமானால் 21க்குள் அவகாசம் கேட்டு ஒரு கடிதமாவது போய்ச் சேரவேண்டும்.

இப்போது அந்த ஒன்பது பக்கம். தயவுசெய்து அதை ஓரமாக வையுங்கள். முப்பது வருடப் பணிக்கும் நீங்கள் குருமன்ஸா என்பதற்கும் சம்பந்தமில்லை. சான்று உண்மை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. அவர்கள் தேடுவது காகிதத்தை.

விஜிலென்ஸ் அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் பென்சிலில் எண் போடுங்கள். விளக்கமும் அதே எண் வரிசையில் போகட்டும். ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று இருக்கவேண்டும். ஆவணங்களைக் காலவரிசையில் அடுக்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே தொடர் எண் போட்டு, மேலே ஒரு பட்டியல் வையுங்கள். வக்கீல்கள் டைப்டு செட் என்பார்களே, அதுதான். மாதிரிக்கு ஒன்று:

"அறிக்கை பத்தி 4க்குப் பதில்: 1938ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் கண்ட நபர் என் தந்தைவழித் தாத்தா. பத்திரத்தில் கண்ட அதே சர்வே எண் நிலம் இன்று என் தந்தை பெயரில் பட்டாவாக உள்ளது. பக்கம் 3, 7, 9 பார்க்கவும்."

மூன்று வாக்கியம் போதும். அந்த நிலம் இன்னும் உங்கள் குடும்பத்தில் இருக்கிறதா?

தேன்கனி

இருக்கிறது ஐயா, ஒன்றே கால் ஏக்கர். ஆனால் பட்டாவில் சர்வே எண் வேறு மாதிரி இருக்கிறது. பத்திரத்தில் வெறும் எண், பட்டாவில் அதே எண்ணுக்குப் பக்கத்தில் 2பி. தாத்தா பெயரும் பத்திரத்தில் கவுண்டர் இல்லாமல் இருக்கிறது. அப்பாவின் டி.சி.யில் தகப்பனார் பெயருக்குப் பின்னால் கவுண்டர் ஒட்டியிருக்கிறது.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

எண் மாறியதற்குக் காரணம் யூ.டி.ஆர். 1980களில் பட்டாவை எல்லாம் புதுப்பித்தபோது உட்பிரிவு போட்டார்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கும், அதில் சான்றிட்ட நகல் கேளுங்கள். அது கிடைத்தால் தாத்தாவின் நிலம்தான் அப்பாவின் நிலம் என்று சங்கிலி சேர்ந்துவிடும். இந்த ஒரு தாள் இல்லாமல் பத்திரத்தை மட்டும் நீட்டினால், "யாரோ ஒரு குருமன் 1938இல் நிலம் வாங்கினார், அதனால் என்ன" என்றுதான் கேட்பார்கள்.

சேலம் ஜில்லா ஆட்சேபம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. 1938இல் கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004. கிராமம் நகரவில்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. இதை இரண்டு வரியில் எழுதுங்கள். கோபமாக எழுதவேண்டாம்.

கவுண்டர் வால் விஷயத்துக்கு வாரிசுச் சான்று, வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட வம்சாவளி இரண்டும் வேண்டும். வம்சாவளியில் பெரியப்பாவும் இருக்கட்டும்.

ஓசூர்க்காரன்

எங்கள் வீட்டுப் பத்திரம் தெலுங்கில் இருந்தது. மொழிபெயர்ப்பு வைக்காமல் போனதால் என் அண்ணனின் விசாரணை ஒரு தடவை தள்ளிப்போனது. அக்காவுடையது தமிழாக இருந்தாலும் பழைய கையெழுத்து என்றால் பக்கத்தில் தட்டச்சு செய்து வையுங்கள். அப்புறம், பெரியப்பா பதிவேட்டை எதற்கு நாமே எடுத்துக்கொடுக்கவேண்டும்? எங்கள் வீட்டில் அந்த மாதிரித் தாள்களை எடுத்துவிட்டோம்.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

எடுத்துவிட்டால் அறிக்கையில் இல்லாமல் போய்விடுமா? அது ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கிறது. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்பா எந்தப் பள்ளியில் படித்தார்?

தேன்கனி

அதே ஊர்ப் பள்ளிதான். அவருடைய டி.சி.யில் சாதி இல்லை.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

டி.சி. வேண்டாம், சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கமே வேண்டும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, பள்ளி முத்திரையோடு நகல் வாங்குங்கள். பெரியப்பா பெயர் இருக்கும் பக்கத்தையும் முழுசாக வாங்குங்கள், ஒரு வரியை மட்டும் அல்ல. சாதிப் பத்தியில் மற்றவர்களுக்கு எப்படி எழுதியிருக்கிறார்கள், எல்லாம் ஒரே கையெழுத்தா என்று பாருங்கள். அந்த நாளில் வாத்தியார் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போவார். ஆனால் நீங்களாக அப்படி எழுதிவிடக்கூடாது, பக்கம் அதைக் காட்டவேண்டும்.

தேன்கனி (ஐந்து நாள் கழித்து)

பள்ளிக்குப் போனேன். பதிவேட்டின் முதுகு கரையான் அரித்து நூலில் தொங்குகிறது. அப்பா சேர்ந்தது 1955, சாதிப் பத்தியில் "குருமன்". பெரியப்பா வேறு ஊரில் கொஞ்சம் படித்துவிட்டு 1962இல் இங்கே வந்திருக்கிறார், "குரும்பர்". அந்தப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஏழு பேருக்கும் "குரும்பர்" என்றே இருக்கிறது, அதில் இரண்டு பேரின் குடும்பத்துக்கு இப்போது எஸ்.டி. சான்று உண்டு. தாலுகா அலுவலகத்தில் சர்வே நகலுக்கு மனு போட்டு ரசீது மட்டும் வாங்கியிருக்கிறேன்.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

1955 பதிவு நல்ல தாள். கூடப்பிறந்தவர் இருவரில் முந்தைய பதிவு உங்கள் பக்கம். அந்த இரண்டு குடும்பத்தை ஜாக்கிரதையாகத் தொடுங்கள். அவர்கள் தந்தைவழி ரத்த உறவா? அவர்கள் சான்றை இதே குழு விசாரித்து உண்மை என்று உத்தரவு போட்டிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் வலு. வெறுமனே சான்று வைத்திருக்கிறார்கள் என்று எழுதினால் அவர்களையும் விசாரணைக்கு இழுத்துவிட்டதாக முடியும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு இரண்டு தீர்ப்பு போதும். 2011இல் ஆனந்த் வழக்கு, அப்புறம் 2023 மார்ச்சில் மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் ஜமாத் வழக்கு. சடங்கு, பழக்கவழக்கப் பொருத்தம் மட்டுமே உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணத்துக்கு அதிக மதிப்பு என்பதும் ஆனந்த் தீர்ப்பில் வருகிறது. தீர்ப்பை முழுசாக வைக்காமல் அந்தப் பத்திகள் உள்ள பக்கங்களை மட்டும் வையுங்கள். மானுடவியலாளர் உங்களிடம் கேட்ட கேள்வித்தாள் அறிக்கையோடு வந்ததா?

தேன்கனி

இல்லை. "பொருந்தவில்லை" என்ற முடிவு மட்டும்தான்.

சிரஸ்தார்_ரிட்டயர்டு

அப்படியானால் கேள்வியும் உங்கள் பதிலும் அடங்கிய நகலை இன்றே எழுத்தில் கேளுங்கள். விளக்கத்திலும் அதைக் கேட்டிருப்பதாக ஒரு வரி இருக்கட்டும். எது பொருந்தவில்லை என்று தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது?

நடுத்தெரு

1938 பத்திரத்தின் "குருமன்" என்பதும் "குரும்பர்" என்பதும் ஒன்றுதான், எழுத்து வித்தியாசம் என்று குழு சொன்னால்?

சிரஸ்தார்_ரிட்டயர்டு

சொல்லலாம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1938, 1955 இரண்டிலும் ஒரே மாதிரி "ன்" வந்திருப்பதைக் காட்டலாம். அதற்கு மேல் வக்கீலைத்தான் கேட்கவேண்டும். வக்கீலோடு ஆஜராக இடம் உண்டு. குழு பாதகமாக முடிவு செய்தால் அடுத்த கதவு உயர் நீதிமன்றம்தான். இப்போது செட்டில் வைக்காத தாளை அங்கே புதிதாக நுழைப்பது கஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஐந்து செட் போடுங்கள். குழுவில் மூன்று பேர், கோப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. 20ஆம் தேதிக்குள் ஒன்றை நேரில் கொடுத்து உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

தேன்கனி (28ஆம் தேதி இரவு)

ரயிலில் இருந்து எழுதுகிறேன். விளக்கம் நான்கு பக்கம், ஆவணம் 31 பக்கம், 20ஆம் தேதியே முத்திரை வாங்கிவிட்டேன். சர்வே நகல் 26ஆம் தேதி மாலைதான் கிடைத்தது. அதை 32ஆம் பக்கமாகத் தனிக் கடிதத்தோடு இன்று கொடுத்தேன்.

இருபது நிமிடம்தான் விசாரித்தார்கள். சேலம் ஜில்லா பற்றி யாரும் கேட்கவே இல்லை. பெரியப்பா பக்கத்தை ஒருவர் நீண்ட நேரம் பார்த்தார். "ஏழு பேருக்கும் இதே கையெழுத்தா" என்று அவரே கேட்டார். வாக்குமூலத்தில் நான் "குரும்பர் என்றும் அழைப்பார்கள்" என்று சொன்னதாக ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அடித்துவிட்டு ஓரத்தில் இனிஷியல் போட்டார்கள். கேள்வித்தாள் நகல் இன்னும் தரவில்லை, பரிசீலிக்கிறோம் என்றார்கள். உத்தரவு தபாலில் வருமாம்.

ஓசூர்க்காரன்

அக்கா, அந்தச் சர்வே பதிவேட்டுக்கு மனு எந்தப் பிரிவில் கொடுத்தீர்கள்? அண்ணனுக்கும் வேண்டும்.