‘மறுமொழி நேரம்’: ஒரு சொல் போதுமா?

கயல்விழி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். புதிய திட்டக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ளும் நடைமுறை ஆவணத்தைத் தமிழில் வரைந்து வருகிறேன். ‘பணி ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டுள்ளேன். ‘4 மணி நேரத்துக்குள் மறுமொழி தர வேண்டும்’ என்பது அதில் ஒரு விதி. இச்சொற்கள் பொருந்துமா?

முருகையன் எழுதியது:
பணி ஒப்பந்தத்தில் ஊதியமும் விலகலுக்கான முன்னறிவிப்புக் காலமும் இடம்பெற வேண்டுமே! இதை மனிதவளப் பிரிவினரிடம் அல்லவா கேட்க வேண்டும்?

செல்வன் எழுதியது:
‘குழுச் சாசனம்’ என்றே வைத்துவிடலாம். இரண்டும் ஒன்றுதான்.

நாச்சியார் எழுதியது:
முருகையன் ஐயா வேறுவிதமாகப் புரிந்துகொண்டதே அத்தலைப்பு ஆகாது என்பதற்குச் சான்று. சாசனம் என்ற சொல் நல்ல சொல்தான்; ஆனால் குழு எதற்காக அமைந்தது, அதன் எல்லை எது, யார் முடிவெடுப்பார் என்பவற்றைச் சொல்லி, திட்டப் பொறுப்பாளரின் இசைவையும் பெற்று நிற்கும் ஆவணத்துக்கே அது உரியது. கயல்விழி எழுதுவதோ உறுப்பினர்கள் தாமே வகுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை கூடித் திருத்திக்கொள்வது. அதற்குப் ‘பணி உடன்பாடு’ போதும்.

மறுமொழியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. என் முந்தைய குழுவில் இதே விதி இருந்தது. ஒருவர் வடிவமைப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு கேட்டார். மற்றவர் பத்து நிமிடத்தில் ‘பார்க்கிறேன்’ என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள்தான் கருத்தை அனுப்பினார். விதியைக் காப்பாற்றியதாக இவரும் மீறியதாக அவரும் சொன்னார்கள். இருவர் சொன்னதும் சரி. ஆகவே ‘கிடைத்தது’ என்பதற்கு ஒப்புகை என்றும், கேட்டதற்கான பதிலுக்கு விடை என்றும் பிரித்துவிடுவோம். மணிக்கணக்கும் ‘அலுவல் மணி’ என்று இருக்க வேண்டும். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை வேலை நேரம் என்றால், வெள்ளி மாலை 5 மணிக்கு வந்த கேள்விக்கு அன்று அரை மணி நேரம் போக, திங்கள் பிற்பகல் 1 மணி வரை ஒப்புகை தரலாம்.

செல்வன் எழுதியது:
சாசனம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒப்புகை என்றதும் அஞ்சலக ஒப்புகைச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திய குறி ஒன்றை இட்டாலும் அது ஒப்புகைதானே? எங்கள் குழுவில் எல்லோரும் குறியிடுவார்கள். வேலை மட்டும் நகராது.

நாச்சியார் எழுதியது:
அதனால்தான் விடை எந்த நாளில் வரும் என்பதும் ஒப்புகையில் இருக்க வேண்டும் என்கிறேன். நாள் குறிக்காத குறியை ஒப்புகையாகக் கொள்ளக் கூடாது.

கயல்விழி எழுதியது:
விதியை இவ்வாறு மாற்றியுள்ளேன்: ‘கேட்பவர் விடை தேவைப்படும் நாளைக் குறிப்பிடுவார், பெறுபவர் 4 அலுவல் மணிக்குள் ஒப்புகை தந்து, அந்நாள் இயலாதெனில் தம்மால் இயலும் நாளைச் சொல்வார், அன்றே முடிவு வேண்டியவற்றுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.’ இந்த 4 மணி வரம்பை ‘ஒப்புகைக் கெடு’ என்று எழுத நினைத்தேன். ‘கெடு’ மிரட்டலாக ஒலிக்கிறது என்கிறார்கள் குழுவினர். ‘ஒப்புகை நேரம்’ என்றாலோ ஒப்புகை வந்து சேர்ந்த நேரம் என்றும் பொருள்படுகிறது. வேறு சொல் உண்டா?