புதுப்பிப்பு: பீரியட்ஸ் வந்துவிட்டது

நான் கேட்டிருந்தது: “ஏழாவது வாரத்தில் கரு கலைந்தது. பீரியட்ஸ் இன்னும் வரவில்லை, ஓவுலேஷன் ஸ்ட்ரிப் மட்டும் தினமும் பாசிட்டிவ். ஏன்?”

தருமபுரியில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையே, முட்டை வெளியாகும் முன் கூடும் எல்எச் ஹார்மோன் என்று ஓவுலேஷன் ஸ்ட்ரிப் காட்டிவிடுமாம். “பிரக்னன்சி கார்டில் இரண்டாவது கோடு மறையட்டும், அப்புறம் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பைப் பாருங்க” என்றார். மறைந்தது. சில நாளில், முட்டை வெளியாகும் சமயத்தில் வருவதுபோல, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வெள்ளைப்பட்டது, அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பீரியட்ஸ்.

“மூணு மாசத்துக்குக் கரு நிக்காது” என்று எழுதிய அக்காவுக்கு: நிற்கும். கலைந்த இரண்டு வாரத்திலேயே, முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வெளியாகலாம். ஒரு பீரியட்ஸ் வந்தபின் முயன்றால் நாள் கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்றால் டாக்டர் சொல்லும்வரை கட்டாயம் காத்திருக்க வேண்டும்.

மாமியார் இன்னும் மூன்று மாதம் என்கிறார். நாங்கள் முடிவு செய்யவில்லை.