வீங்குற காலுக்கு எந்தச் சப்பாத்து? அவசரம்

தோட்டத்துப்பொண்ணு (சுங்கை சிப்புட்): அம்மா அடுத்த வாரம் பயணம். விமானத்துல உட்கார்ந்தாலே கால் வீங்கிடுது. போன தடவை இறங்கும்போது சப்பாத்து ஏறவே இல்ல, சிலிப்பரோட நடந்தாங்க. எது வாங்கலாம்?

ஈப்போ செல்வா: ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, முடிஞ்சது.

பழைய உறுப்பினர்: எந்த ஊருக்கு, என்ன வயசு, ஒண்ணும் சொல்லல. கேள்வி கேக்கவே தெரியாம வந்துடுறாங்க.

விஜயாக்கா: அதட்டாதீங்க, பிள்ள பதட்டத்துல இருக்கு. தோட்ட ஆஸ்பத்திரில 22 வருஷம் நர்ஸா இருந்தேன் மா. எத்தனை மணி நேரம்? ரெண்டு காலுமா வீங்குது? இனிப்பு நீர் இருக்கா? என்ன மாத்திரை?

தோட்டத்துப்பொண்ணு: சாரி அக்கா. லண்டன், 14 மணி நேரம். வயசு 66. ரெண்டு காலும். இனிப்பு நீர் இல்ல. பிரஷருக்கு அம்லோடிபின்.

விஜயாக்கா: அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, போறதுக்குள்ள கிளினிக்ல சொல்லுங்க.

செல்வா, பெரிய சைஸ்ல நீளம்தான் அதிகமா கூடும். குதிகால் வழுக்கி கொப்புளம் வரும். வேணுங்கிறது அகலம். சாயந்தரம் கால் வீங்கின நேரத்துல கடைக்குப் போங்க. சப்பாத்து உள்ள இருக்கிற அட்டையை உருவித் தரையில வச்சு, அம்மாவை அதுமேல நிக்கச் சொல்லுங்க. சுண்டுவிரல் பக்கம் சதை வெளிய வழிஞ்சா அது வேணாம். முன்னால கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்கணும். மேல வெல்க்ரோ பட்டை இருந்தா வானத்துலயே தளர்த்திக்கலாம்.

பழைய உறுப்பினர்: விமானத்துல சப்பாத்தைக் கழட்டவே கூடாது. கழட்டினாத்தான் வீங்கும்.

விஜயாக்கா: இல்லீங்க. முழங்கால் மடிஞ்சு அசையாம இருக்கிறதால நீர் கீழ இறங்குது, சப்பாத்து அதைத் தடுக்காது. கழட்டலாம், ஆனா கழிவறைக்கு வெறுங்காலோட போகாம இருக்கணும். அரை மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க.

கிள்ளான் ராஜி: நான் இறுக்கமான காலுறை போடுவேன், அருமை!

விஜயாக்கா: முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற காலுறைதானே? நல்லதுதான், காலைல வீங்குறதுக்கு முன்னாடியே போடணும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைவா இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம போடக்கூடாது.

ஈப்போ செல்வா: எப்படியும் கேஎல்ஐஏல துணைக் கட்டடத்துக்கு ரயில் ஓடுதே, நடை எங்க?

கிள்ளான் ராஜி: ரயில் இறங்கினப்புறம் கேட் வரைக்கும் யார் தூக்கிட்டுப் போவா? சக்கர நாற்காலிக்கு முன்னாடியே விமான நிறுவனத்துக்குச் சொல்லிடுங்க.

பழைய உறுப்பினர்: நடக்கிறவங்களுக்கு எதுக்கு நாற்காலி? நடந்தாத்தான் வீக்கம் வடியும்.

விஜயாக்கா: கொஞ்சம் நடக்கட்டும், வலிச்சா உட்காரட்டும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிச்சுச் சூடா இருந்தா, சப்பாத்துப் பேச்சே வேணாம், நேரா ஆஸ்பத்திரி. மூச்சு முட்டினா ஒரு நிமிஷமும் காத்திருக்காதீங்க.

தோட்டத்துப்பொண்ணு: அக்கா, நேத்து சாயந்தரம் 7 மணிக்குக் கடைக்குப் போனோம். முதல் ரெண்டு ஜோடிலயும் அட்டைக்கு வெளிய சுண்டுவிரல் வந்துடுச்சு. மூணாவது அகலம், வெல்க்ரோ, வாங்கிட்டோம். வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகுறாங்க. திங்கள் கிளினிக்.

ஈப்போ செல்வா: என்ன சைஸ்?